‘வயிறு எரியுது’ன்னு யார்கிட்ட சொல்லலாம்?

“கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்திருக்கேன். இங்கே ‘காண்டாகுது’, ‘வயிறு எரியுது’, ‘செம மொக்கை’ன்னு பேசுறாங்க. பெரியவங்ககிட்டயும் சொல்லலாமா?”

‘காண்டாகுது’ சம வயசுக்காரங்களோட நிக்கட்டும். மேலதிகாரிகிட்ட ‘அலுத்துப் போச்சுங்க சார்’ போதும்.

‘வயிறு எரியுது’லதான் கவனம் வேணும். நண்பர் புது வண்டி வாங்கினா சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். பெரியவங்ககிட்ட சொன்னா கண்ணு வைக்கிறதா எடுத்துக்குவாங்க; ‘பார்க்கவே ஆசையா இருக்குங்க’ன்னு சொல்லுங்க. அதே சொல்லை, மழையில சம்பா மூழ்கின விவசாயி சொன்னா அது பொறாமை இல்லை, வேதனை. அங்கே சிரிச்சிடாதீங்க. யாரைப் பார்த்துன்னு வந்தா பொறாமை, எதை இழந்துன்னு வந்தா துயரம்.

‘மொக்கை’ விசேஷ வீட்டுல வேண்டாம், கூப்பிட்டவங்களைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். வீட்டுல சும்மா இருக்கிறப்ப ‘பொழுதே போகல’ன்னா யாருக்கும் உறுத்தாது.