எல்லாவற்றையும் தானே செய்யும் மேலாளர்: கேள்வி பதில்

சரக்கு அனுப்பும் தொழிலில் நெடுநாள் மேலாளராக இருந்தவர் பதில் சொல்கிறார்.

ஜூரோங் வாசகி: சிங்கப்பூரில் சரக்குக்குச் சுங்க அனுமதி கேட்கும் ட்ரேட்நெட் தளத்தில் நாங்கள் தயார் செய்து வைக்கும் பெர்மிட்டை மேனேஜர் ராத்திரி உட்கார்ந்து திருத்தி அனுப்பிவிடுகிறார். எங்களிடம் எதுவும் சொல்வதில்லை. “உன் வேலை குறைகிறதே, அப்புறம் என்ன கோபம்?” என்கிறார் என் கணவர்.

கோபம் நியாயமானதுதான். இன்வாய்ஸில் ‘கார் பாகம்’ என்று எஃகு போல்ட் வருகிறது. நீங்கள் சுங்கக் குறியீட்டில் வாகனப் பாகங்களுக்கான 8708 வரிசையில் போடுகிறீர்கள். சாதாரண எஃகு போல்ட் காருக்கே போனாலும் போல்ட், திருகுகளுக்கான 7318தான். அவர் மாற்றிவிடுகிறார், காரணம் உங்களுக்கு வந்து சேரவில்லை. அடுத்த வாரமும் 8708 போடுவீர்கள். ‘இவர்களுக்கு எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது’ என்று அவர் முடிவு கட்டுவார். இந்தப் பக்கம் உங்கள் ஆட்கள், எப்படியும் அவர் பார்க்கப்போகிறார் என்று சரிபார்ப்பதையே விட்டுவிடுவார்கள். தப்பு நிஜமாகவே கூடும், அவர் சந்தேகமும் உறுதியாகும். யாரும் சந்தேகம் கேட்டு வராமல் ஆபீஸ் அமைதியாக இருந்தால் இது முற்றிவிட்டது என்று அர்த்தம். தப்பிருந்தால் ஒரு வரி எழுதி உங்களுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: நானே அப்படிப்பட்ட மேனேஜர்தான். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் இரண்டு பெர்மிட் முடித்துவிடுவேன். தப்பானால் என்னைத்தானே கேட்பார்கள்?

முதல் சில வாரங்களுக்கு உங்கள் கணக்கு சரி. அதற்கப்புறமும் அந்த இரண்டையும் நீங்களேதான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். பழைய வாடிக்கையாளர் மாதாமாதம் அனுப்பும் அதே சரக்கை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். புதுச் சரக்கும் கட்டுப்பாடு உள்ள சரக்கும் மட்டும் உங்கள் மேசைக்கு வரட்டும். கொடுத்ததில் வாரத்துக்குச் சிலவற்றை எடுத்து, பகலில், போட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தப்பிருந்தால் அவர் கையாலேயே திருத்தட்டும். கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துவாஸ் கட்டுமானத் தளத்திலிருந்து: அண்ணே, நானும் பெர்மிட்டால் திண்டாடுகிறேன். உயரத்தில் செய்கிற வேலைக்கான பெர்மிட் கையெழுத்தை சூப்பர்வைசரிடமே விட்டுவிடலாமா?

தம்பி, அது வேறு பெர்மிட். அங்கே சூப்பர்வைசர் விண்ணப்பிக்க வேண்டும், பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்க்க வேண்டும், அதற்கென்று நியமித்த மேனேஜர் அனுமதி தர வேண்டும். விதியே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. கேட்கிறவரே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு வந்ததை நீங்கள் முதலிலிருந்து தனியாக இன்னொரு தடவை செய்கிறீர்கள் என்றால், அது தெம்பனிஸ்காரர் கதைதான்.

ஈசூன் வாசகர்: எதற்கு இவ்வளவு விளக்கம்? அவருக்கு ஆட்கள் மேல் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

பாதி சரி. பலர் அந்த வேலையில் கெட்டிக்காரராக இருந்ததாலேயே மேனேஜர் ஆனவர்கள். அதை விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் பதில் போடுகிறார் என்று மேலிடம் வேறு மெச்சுகிறது. அந்த மெச்சல் நிற்காதவரை, கீழே இருப்பவர்கள் கேட்டு அவர் எவ்வளவு மாறுவார் என்பது எனக்கும் பிடிபடவில்லை.