வெட்டியது ஒரு லட்சம் இல்லை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கட்டடப் பொருள் விற்கும் கடையொன்றில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். களஞ்சியத்தில் இருந்த அண்ணை ஒருவர் வேலையை விட்டுவிட்டார். கணினியில் எடுத்த இறுதிக் கணக்கில் கொடுக்க வேண்டியது 283,500 ரூபா, அறவீடு 104,200, தேறிய தொகை 179,300 என்று வந்தது. "என்ர காசில ஒரு லட்சத்துக்கு மேல வெட்டிப்போட்டியளோ?" என்று கேட்கிறார். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் சுருக்கித் தரச் சொல்கிறார் முதலாளி. எப்படி எழுதுவது? கூற்றின் பிரதியை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, அந்த அண்ணை கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் அனுப்பிய பிரதியில் தேறிய தொகை சரி. அதற்கு மேலே உள்ள இரண்டு கூட்டுத்தொகைகளும்தான் அவரைக் குழப்பியிருக்கின்றன. கொடுக்க வேண்டிய பக்கத்திலும் அறவிடும் பக்கத்திலும் ஒரே காசு வந்து போகிறது. சுருக்கம் எழுதும்போது முதல் வேலை, இப்படி வந்து போகும் வரிகளை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுப்பது.

முதலில் சம்பளத்தைப் பாருங்கள். கணினி ஜூன் மாத முழுச் சம்பளம் 60,000 என்று இடது பக்கம் போட்டு, வேலை செய்யாத பத்து நாளுக்கு 20,000 என்று வலது பக்கம் கழித்திருக்கிறது. அவர் வேலை செய்தது ஜூன் 20 வரை. ஆகவே அவருக்கு உரிய சம்பளம் 40,000, அவ்வளவுதான். சுருக்கத்தில் அதை ஒரே வரியாக எழுதுங்கள்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. அதே வலது பக்கத்தில் முன்னறிவித்தல் குறைவுக்கு இன்னொரு 20,000 இருக்கிறது. மே 31 அன்று விலகல் கடிதம் கொடுத்தவர், நியமனக் கடிதத்தின்படி ஒரு மாதம் நிற்க வேண்டியவர், ஜூன் 20 உடன் போய்விட்டார். குறைந்த பத்து நாளுக்கு ஈடாக அறவிடுவது இது. பார்ப்பவருக்கு ஒரே பத்து நாளுக்கு இரண்டு தரம் வெட்டியது போலவே தெரியும். சம்பளத்தை 40,000 என்று நேரே எழுதிவிட்டால், முன்னறிவித்தல் மட்டும் அறவீடாக நிற்கும்; அதற்குப் பக்கத்தில் நியமனக் கடிதத்தின் எந்தப் பந்தி என்பதையும் குறித்துவிடுங்கள். அப்படியொரு பந்தி கடிதத்தில் இல்லையென்றால், இந்த வரியைப் போடுவதற்கு முன் முதலாளியிடம் பேசுங்கள்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. உங்கள் கூற்றில் முதலாளியின் 12 வீதமான 4,800ஐயும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதமான 1,200ஐயும் கொடுக்க வேண்டியதில் கூட்டி, பிறகு அறவீட்டில் கழித்திருக்கிறார்கள். இவை இரண்டும் கடை தன் பொக்கற்றிலிருந்து அந்த நிதிகளுக்குக் கட்டுவது. ஊழியரின் கைக்கு வருவதும் இல்லை, அவர் சம்பளத்திலிருந்து போவதும் இல்லை. அவரிடமிருந்து கழிக்க வேண்டியது அவருடைய 8 வீதம் மட்டும், அதாவது 3,200. இது 40,000 மீது கணக்கிட்டதா என்று பாருங்கள். 4,800 என்று வந்திருந்தால் முழு மாதச் சம்பளத்தின் மேல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் பிரதியில் இது சரியாகத்தான் இருக்கிறது.

இந்த மூன்று வரிகளையும் எடுத்தால் இரண்டு பக்கத்திலும் 26,000 குறையும். தேறிய தொகையில் ஒரு சதமும் மாறாது. மாறினால் எங்கோ ஒரு பக்கத்தில் மட்டும் எடுத்துவிட்டீர்கள்.

பணிக்கொடை 210,000 சரிதான். 2018 பெப்ரவரியில் சேர்ந்தவர், பூர்த்தியான ஆண்டுகள் ஏழு, ஒவ்வொன்றுக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், 30,000. மேலதிக நாலு மாதத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. ஊழியர் கடனில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். 45,000 என்பது மே முடிவில் இருந்த மீதியா? ஜூன் சம்பளத்தில் தவணை எதுவும் தனியே கழிக்கப்படவில்லை, ஆகவே அப்படியே நிற்கலாம். தவணையும் கழித்து முழு மீதியையும் போட்ட கூற்றுகள் ஏராளம். லீவுக்குக் காசு இல்லை என்றால், லீவுப் பதிவேட்டைப் பார்த்து "மீதி லீவு இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அவர் மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்.

அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் "போன் 35,000" எந்தக் கூட்டலிலும் சேரக்கூடாது. களஞ்சியக் கையளிப்புப் புத்தகத்தில் போனுக்கு நேரே கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரி சுருக்கத்துக்கே வேண்டாம்.

இனி, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

கொடுக்க வேண்டியவை
ஜூன் 1 – 20 சம்பளம்: 40,000
மே மாதப் பயணச் செலவு, பற்றுச்சீட்டின்படி: 7,500
பணிக்கொடை, 7 ஆண்டு × 30,000: 210,000
மொத்தம்: 257,500

அறவிடுபவை
சேமலாப நிதி, ஊழியர் பங்கு 8 வீதம்: 3,200
முன்னறிவித்தல் குறைவு, 10 நாள்: 20,000
ஊழியர் கடன், மே 31இல் மீதி: 45,000
புதுவருட முற்பணம், மீதி: 10,000
மொத்தம்: 78,200

தேறிய தொகை: 179,300

இதற்குக் கீழே, சேமலாப நிதியிலும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் அவர் பெயரில் உள்ள மீதி இந்தத் தொகையில் அடங்காது, அவற்றுக்கு அவர் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை முதலாளியிடம் கட்டாயம் சொல்லுங்கள். பணிக்கொடையை விட்டுப் பார்த்தால் அவருக்கு வரவேண்டியது 47,500தான், அறவீடோ 78,200. மீதி 30,700 பணிக்கொடையிலிருந்துதான் போகிறது. தேறிய தொகை என்ற ஒற்றை வரி இதை மறைத்துவிடும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அந்தக் காசைப் பிடித்துக்கொள்ள விடுவது மோசடி, கையாடல், வேண்டுமென்று செய்த சேதம் போன்ற காரணத்துக்காக வேலை நிறுத்தப்பட்டவரிடம், அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு. தானாக விலகிய ஒருவரின் கடனும் முற்பணமும் அந்த வகையில் சேராது. ஆகவே 30,700ஐப் பணிக்கொடையில் கழிக்க அவருடைய சம்மதத்தைத் தொகையோடு எழுத்தில் வாங்குங்கள். அவர் சம்மதிக்கவில்லையென்றால் பணிக்கொடை முழுவதையும் கொடுத்துவிட்டு, மீதிக் கடனைத் தவணையில் கட்டுவதற்குத் தனியே எழுதிக்கொள்வதுதான் சரியான வழி.

பேசித் தீர்க்க அதிக நாளும் இல்லை. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணிக்கொடை கையில் போக வேண்டும். தவறினால் முதல் மாதத் தாமதத்துக்கே 10 வீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும், இவர் கணக்கில் 21,000 ரூபா. தாமதம் கூடக் கூட அந்த வீதமும் ஏறும். சுருக்கத்தில் கடைசி வேலை நாளையும் காசோலைத் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதலாளி கையெழுத்து வைக்கும்போது இரண்டும் அவர் கண்ணில் படட்டும்.