மோசடி ஆய்வாளர் சான்றிதழ்: அனுபவப் புள்ளியும் உறுதிமொழியும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தடயவியல் கணக்கியல் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சி.எஃப்.ஈ எனப்படும் 'சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்' தகுதியைப் பற்றியவை. அதை வழங்குவது அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் 1988இல் தொடங்கப்பட்ட ஏ.சி.எஃப்.ஈ என்ற சங்கம். பரீட்சையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. அனுபவ விதியிலும் நன்னெறிக் கோவையிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வணிகமாணிப் பட்டம் பெற்று, கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் 4 வருடங்களாக வேலை செய்கிறேன். அனுபவம் போதுமா? – வெள்ளவத்தை வாசகி

இரண்டு எல்லைகள் உண்டு. பரீட்சை எழுத 40 புள்ளிகள் வேண்டும். சான்றிதழ் கையில் கிடைக்க 50 புள்ளிகளும், மோசடியோடு தொடர்புடைய குறைந்தது 2 வருட அனுபவமும் வேண்டும். உங்கள் பட்டத்துக்கு 40 புள்ளிகள். தகுதியான அனுபவத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் 5 புள்ளிகள். ஆகவே பரீட்சையை இப்போதே எழுதலாம். உங்கள் 4 வருடங்களில் 2 வருடங்கள் ஏற்கப்பட்டால் 40உம் 10உம் சேர்ந்து 50 ஆகிவிடும்.

அந்த 2 வருடங்கள் ஏற்கப்படுமா என்பதுதான் கேள்வி. 'கணக்காய்வாளர்' என்ற பதவிப் பெயருக்குப் புள்ளி கிடையாது. கணக்கு முறைமைகளின் பலவீனங்களை மதிப்பிடுவது, உள்ளகக் கட்டுப்பாடுகளை வடிவமைப்பது, நிறுவனத்தின் மோசடி அபாயத்தைக் கணிப்பது, இலக்கங்களில் தென்படும் வழமைக்கு மாறான போக்குகளை ஆராய்வது, மோசடிக்கான அறிகுறி தெரிந்தால் அதைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது ஆகிய பொறுப்புகள் உங்களிடம் இருந்தனவா என்று பார்ப்பார்கள். நான்கு வருடமும் வங்கி உறுதிக் கடிதம் சேகரிப்பதிலும் நிலையான சொத்து அட்டவணை சரிபார்ப்பதிலும் கழிந்திருந்தால் அதைக் காட்டி விண்ணப்பிப்பது சரியல்ல. ஆனால் எஸ்.எல்.ஏ.யு.எஸ் 240 என்ற இலங்கைக் கணக்காய்வு நியமத்தின்படி மோசடி அபாயக் கலந்துரையாடலில் பங்கெடுத்து, கணக்கு நாளேட்டுப் பதிவுகளைச் சோதித்து, ஐயத்துக்குரியவற்றைப் பின்தொடர்ந்திருந்தால் அது தகுதியான வேலை. எந்த வருடம், எந்தத் துறை நிறுவனம், எந்தச் சோதனை என்று இப்போதே ஒரு பதிவேடு எழுதத் தொடங்குங்கள். நான்கு வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா வருடமும் ஒன்றுபோலவே தெரியும்.

நான் பட்டயக் கணக்காளர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. – கொட்டாஞ்சேனை வாசகர்

கதவு மூடவில்லை, பாதைதான் நீளம். பட்டம் இல்லாதவர்கள் ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கும் ஈடாக 2 வருட மோசடிசார் அனுபவத்தைக் காட்டலாம். ஏற்கப்பட்ட தொழில்முறைத் தகுதி ஒன்றுக்கு 10 புள்ளிகள். உங்கள் பட்டயத் தகுதி அப்படி ஏற்கப்பட்டால், 6 வருட அனுபவத்தின் 30 புள்ளிகளோடு சேர்த்துப் பரீட்சைக்கான 40 வந்துவிடும். 8 வருடத்தில் 50. பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் உங்கள் ஆவணங்களைச் சங்கத்துக்கு அனுப்பி, எத்தனை புள்ளி தருவார்கள் என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் இணக்கப் பிரிவில் இருக்கிறேன். அனுபவக் கடிதத்தில் நான் கண்டுபிடித்த சம்பவங்களை விவரிக்கலாமா? – கொள்ளுப்பிட்டி வாசகர்

விவரிக்க வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே ஏற்கும் நன்னெறிக் கோவையை, பணியில் கிடைத்த இரகசியத் தகவலை உரிய அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்ற அதன் 6ஆம் விதியை, விண்ணப்பக் கடிதத்திலேயே மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துறையில் இது சட்டப் பிரச்சினையும்கூட. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதி கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கல் பற்றி நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பப்பட்டது என்ற செய்தியைக் கசியவிடுவதே குற்றம். 'இன்ன கம்பனியின் கணக்கு பற்றி அறிக்கை அனுப்பினார்' என்று உங்கள் முகாமையாளர் நல்லெண்ணத்தோடு எழுதினாலும் அது கசிவுதான்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: 'இவர் 2021 மார்ச் முதல் இன்றுவரை இணக்கப் பிரிவில் முழுநேரமாகப் பணியாற்றுகிறார். வாடிக்கையாளர் கொடுக்கல் வாங்கல்களில் வழமைக்கு மாறான போக்குகளை ஆராய்வதும், உள்ளக விசாரணைகளுக்கு ஆவணங்களைத் திரட்டுவதும், கட்டுப்பாட்டுப் பலவீனங்களை முகாமைத்துவத்துக்கு அறிக்கையிடுவதும் இவரது கடமைகள்.' காலமும் கடமையும் தெளிவாக இருக்கின்றன, பெயரோ தொகையோ இல்லை. இதனுடன் மூன்று தொழில்முறைப் பரிந்துரைகளும் வேண்டும். பரிந்துரைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொலிஸில் 11 வருடம். அதில் 3 வருடம்தான் நிதிக் குற்ற விசாரணை. – தெஹிவளை வாசகர்

அந்த 3 வருடம் 15 புள்ளி. போக்குவரத்துப் பிரிவில் இருந்த காலம் சேராது. சேவைக் கடிதத்தில் மொத்தச் சேவைக்காலத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். பிரிவு வாரியாகத் திகதி இருக்க வேண்டும்.

சான்றிதழ் பெற்ற பிறகு வருடந்தோறும் என்ன செய்ய வேண்டும்? – பம்பலப்பிட்டி வாசகி

20 மணி நேரத் தொடர் கல்வி. அதில் குறைந்தது 10 மணி நேரம் மோசடியைக் கண்டறிதல், தடுத்தல் பற்றியதாகவும், 2 மணி நேரம் நன்னெறி பற்றியதாகவும் இருக்க வேண்டும். அந்த 2 மணி நேரத்தைத்தான் பலர் டிசம்பரில் தேடி அலைகிறார்கள். அதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

விசாரணை முடிந்தது, ஆதாரம் கையில் இருக்கிறது. அறிக்கையில் 'மோசடி செய்தார்' என்று எழுதக் கூடாது என்கிறார்களே, ஏன்? – கிராண்ட்பாஸ் வாசகர்

நன்னெறிக் கோவையின் 5ஆம் விதியில் இரண்டு பாகங்கள் உண்டு. சொல்லும் எந்தக் கருத்துக்கும் நியாயமான அடிப்படையாக ஆதாரம் திரட்ட வேண்டும். எவரும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ கருத்துச் சொல்லக் கூடாது. முதற்பாகம் முடிந்துவிட்டால் இரண்டாவது தேவையில்லை என்று நினைப்பதுதான் தவறு. நீங்கள் அனுப்பிய விவரங்களின் சாயலில் ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தின் கொள்வனவு முகாமையாளர் 200,000 ரூபா வரை தானே அனுமதிக்கலாம். ஒரே விநியோகத்தரிடமிருந்து அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே 14 விலைப்பட்டியல்கள் வந்திருக்கின்றன. மொத்தம் 2,674,000 ரூபா. இவற்றில் 9 பட்டியல்களுக்கு, அதாவது 1,722,500 ரூபாவுக்கு, களஞ்சியத்தில் பொருள் பெற்ற குறிப்பு இல்லை. விநியோகத்தர் பதிவுப் படிவத்திலுள்ள தொலைபேசி இலக்கமும், முகாமையாளரின் ஆளணிக் கோப்பில் அவசரத் தொடர்புக்காகக் கொடுத்த இலக்கமும் ஒன்று.

'முகாமையாளர் போலி விநியோகத்தர் மூலம் 2,674,000 ரூபாவைக் களவாடினார்' என்று எழுதினால் ஒரே வரியில் மூன்று பிழைகள். பொருள் வந்துசேர்ந்த 5 பட்டியல்களின் 951,500 ரூபாவும் களவுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. விநியோகத்தர் போலி என்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் போதாது. களவு என்பது எண்ணத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டிய சொல், அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம்.

சரியான வரி: '14 பட்டியல்களும் முகாமையாளரின் அனுமதி எல்லைக்குக் கீழே அமைந்துள்ளன. 9 பட்டியல்களுக்கு, 1,722,500 ரூபா பெறுமதிக்கு, பொருள் பெறப்பட்டதற்கான ஆவணம் எமக்குக் கிடைக்கவில்லை. பின்னிணைப்பு 3இல் காட்டியபடி இரு தொலைபேசி இலக்கங்களும் பொருந்துகின்றன. கொள்வனவுக் கட்டுப்பாடு இந்த 9 சந்தர்ப்பங்களில் பின்பற்றப்படவில்லை என்பது எமது கருத்து.' கணக்கியல் விடயத்தில் கருத்துச் சொல்லத் தடையில்லை. ஆளின் குற்றத்தைப் பற்றிச் சொல்லத்தான் தடை.

இதே கோப்பில், அந்த 9இல் மூன்றுக்குப் பணிப்பாளர் ஒருவர் மின்னஞ்சலில் 'அவசரம், உடனே வாங்குங்கள்' என்று எழுதியிருப்பதைக் கண்டால் என்ன செய்வது? அறிக்கை கேட்டவரின் வாதம் பலவீனமாகும் என்று அதை விட்டுவிடத் தோன்றும். விட்டுவிட்டால் உண்மை திரிந்துபோகும் முக்கிய விடயம் எதையும் மறைக்கக் கூடாது என்பது 7ஆம் விதி. மின்னஞ்சல் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி வங்கிக் கணக்கு. காசு யார் கணக்குக்குப் போனது என்று அறிய எல்லாருக்கும் துடிப்பு இருக்கும். ஆனால் வங்கி இரகசியத்தை உடைக்கும் அதிகாரம் தனியார் ஆய்வாளருக்கு இல்லை. வங்கியிலிருக்கும் நண்பரிடம் 'சும்மா பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்பது சட்டவிரோத, நெறியற்ற நடத்தையைத் தடுக்கும் 2ஆம் விதிக்கு நேர்முரண். அது வழக்கையே கெடுக்கவும் கூடும். அறிக்கையில் 'கணக்கு உரிமையாளரை அடையாளம் காண எமக்கு அதிகாரம் இருக்கவில்லை' என்று எல்லையை எழுதிவிட்டு, முறைப்பாட்டின் மூலம் பொலிஸார் சட்டப்படி தேட விடுங்கள்.

எங்கள் நிறுவனம் வருடாந்தம் கணக்காய்வு செய்யும் கம்பனியே தன் மோசடி விசாரணையையும் எங்களிடம் கொடுக்க விரும்புகிறது. ஏற்கலாமா? – கொழும்பு 2 வாசகர்

நாம் தயங்குவோம். மேலேயுள்ள உதாரணத்தில் காணாமற்போன 9 குறிப்புகளும் உங்கள் கணக்காய்வுக் காலத்துக்குள் வந்தவை என்றால், உங்கள் சொந்த வேலையை நீங்களே மதிப்பிடுகிறீர்கள். முடிவு எதுவானாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுவே. கணக்காய்வுத் தொழிலின் நெறிக் கோவையும் இதைச் சுய மீளாய்வு அச்சுறுத்தல், பரிந்து வாதாடும் அச்சுறுத்தல் என்ற பெயர்களில் கவனிக்கச் சொல்கிறது. நிறுவனத்தின் நெறிமுறைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் முடிவு பெறாமல் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

சான்றிதழ் இருந்தால் நீதிமன்றத்தில் தானாகவே நிபுணர் சாட்சி ஆகிவிடுவேனா? – மருதானை வாசகி

இல்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் கருத்துக்கு இடம் தருகிறது. ஆனால் குறித்த விடயத்தில் நீங்கள் தேர்ச்சி பெற்றவரா என்று நீதிமன்றம் கேட்டுத் திருப்திப்பட வேண்டும். சான்றிதழ் அதற்கு ஒரு சான்று மட்டும். அன்றைக்கு உங்கள் அனுபவப் பதிவேடு மறுபடியும் பயன்படும். விண்ணப்பத்தில் எழுதிய 2 வருடமும் சாட்சிக் கூண்டில் சொல்லும் 2 வருடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியிலிருந்து எடுத்த பதிவுகளை முன்வைப்பதாக இருந்தால், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் கேட்கும் நிபந்தனைகளை, பிரதி எடுக்கும் நாளிலேயே வழக்கறிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து எடுத்தார் என்ற குறிப்பு அன்றே எழுதப்படாவிட்டால், வழக்கு அழைக்கப்படும்போது அதை உருவாக்க முடியாது.