பிடித்த இருபது சதவீதம் திரும்ப வருமா?

"அண்ணா, ஷென்ஜென்னில் ஒரு மின்னணுக் கருவி நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து நான்காவது மாதம் நடக்கிறது. ஓராண்டு ஒப்பந்தம். மாதம் 24,000 யுவான், தகுதிகாண் காலம் மூன்று மாதம், அதுவரை 80 சதவீதம். பணி உறுதியானதும் பிடித்த 20 சதவீதம் சேர்ந்து வரும் என்று நேர்காணலில் சொன்னார்கள். உறுதியாகிவிட்டது, பணம் வரவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களா?"

தம்பி, தப்பாக நினைப்பார்களா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுவோம். நீங்கள் எதிர்பார்க்கும் தொகை ஒன்று, சட்டம் தரும் தொகை வேறு. நீங்கள் கேட்க நினைக்காத இடத்தில்தான் பெரிய தொகை இருக்கிறது.

நம் ஊரில் ஊதிய உயர்வையோ அகவிலைப்படியையோ முன்தேதியிட்டு அறிவித்தால், இடைப்பட்ட மாதங்களுக்கு நிலுவைத் தொகை வரும். அந்தப் பழக்கத்தில்தான் இங்கு வரும் நம்மவர்கள் பலர், பிடிக்கப்பட்ட 20 சதவீதம் எங்கோ ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சீனாவில் அப்படி எதுவும் சேர்வதில்லை. தகுதிகாண் காலத்துக்கு உங்கள் சம்பளமே 19,200 யுவான்தான். தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அந்தக் காலத்துச் சம்பளம் ஒப்பந்தச் சம்பளத்தில் 80 சதவீதத்துக்கோ, அதே பணிக்கு நிறுவனம் தரும் மிகக் குறைந்த ஊதியத்தின் 80 சதவீதத்துக்கோ குறையக் கூடாது என்கிறது. உள்ளூர்க் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே போகக் கூடாது. மீதியைப் பிறகு திருப்பித் தர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆகவே மாதம் 4,800 வீதம் மூன்று மாதத்துக்கு 14,400 யுவான் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு, நேர்காணலில் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பி நிற்கிறது. அந்த வாக்கியம் எழுத்தில் இருந்தால் கதை வேறு. பணி அழைப்புக் கடிதத்திலோ, ஒப்பந்த இணைப்பிலோ, எச்.ஆர். அனுப்பிய மின்னஞ்சலிலோ, வீசாட் உரையாடலிலோ "உறுதியானபின் வித்தியாசம் தரப்படும்" என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால் அது நிறுவனம் தானே ஏற்றுக்கொண்ட கடன், முழுதாகக் கேட்கலாம். வீசாட்டில் இருந்தால் படம் எடுத்து வைத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். தகராறு என்று வந்தால் அந்தக் கைப்பேசியையே திறந்து காட்டச் சொல்வார்கள். புது போன் வாங்கிய மகிழ்ச்சியில் பழைய உரையாடல்களை மாற்றாமல் விட்டுவிட்டு, பிறகு வெறும் படங்களோடு திண்டாடியவர்கள் உண்டு.

எழுத்தில் எதுவும் இல்லையென்றால் முதல் இரண்டு மாதத்து 9,600 யுவானை மறந்துவிடுங்கள். கசப்பாக இருக்கும், ஆனால் நிறுவனம் அதில் சட்டத்தை மீறவில்லை.

மூன்றாவது மாதம் அப்படியல்ல. தகுதிகாண் காலம் எவ்வளவு நீளலாம் என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடாமல் ஒப்பந்தத்தின் நீளத்தோடு கட்டிவைத்திருக்கிறது 19ஆம் பிரிவு. மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் முடியும் ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம்; ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் முடிவதற்கு இரண்டு மாதம்; மூன்றாண்டும் அதற்கு மேலும், காலவரையற்றதற்கும் ஆறு மாதம். இவை உச்ச வரம்புகள். உங்கள் ஒப்பந்தம் ஓராண்டு, எனவே இரண்டு மாதத்துக்கு மேல் உங்களைத் தகுதிகாண் நிலையில் வைத்திருக்க முடியாது. ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்று அச்சடித்து நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த மூன்றாவது மாதம் செல்லாது. இங்கு உள்ளூர்க்காரர்களுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்து, அதற்குத் தகுந்த தகுதிகாண் காலம் வைப்பது வழக்கம். வெளிநாட்டவருக்கோ பணி அனுமதியின் காலத்தை ஒட்டி ஓராண்டு ஒப்பந்தம்தான் அதிகம். பழைய படிவத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றித் தரும் எச்.ஆர். பிரிவுகள், தகுதிகாண் காலத்தை மாற்ற மறந்துவிடுகின்றன. பெரும்பாலும் வஞ்சகம் இல்லை, சோம்பல்தான்.

தேதிகளையும் ஒருமுறை விரல் வைத்து எண்ணுங்கள். மார்ச் 1 முதல் அடுத்த பிப்ரவரி கடைசி நாள் வரை என்றால் ஓராண்டு. பணி அனுமதி முடியும் நாளைப் பார்த்து ஒப்பந்தத்தைச் சில நாள் முன்னதாக முடித்திருந்தால் அது ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தம். அப்போது உங்களுக்கு வரம்பு ஒரே மாதம், கணக்கு இன்னும் உங்கள் பக்கம் சாயும்.

சரி, ஓராண்டு என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாதம் உங்களுக்கு வர வேண்டியது முழுச் சம்பளம் 24,000. வந்தது 19,200. வித்தியாசம் 4,800 யுவான் உங்கள் ஊதிய பாக்கி. இதோடு முடியவில்லை. வரம்பை மீறிய தகுதிகாண் காலத்தை ஏற்கெனவே வேலை செய்து கழித்துவிட்டீர்கள் என்றால், அந்த மீறிய காலத்துக்கு, தகுதிகாண் முடிந்தபின் உள்ள முழு மாதச் சம்பளத்தை அளவாக வைத்து நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 83ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் ஒரு மாதம் மீறியிருக்கிறது, எனவே 24,000 யுவான். இரண்டும் சேர்ந்தால் 28,800. நீங்கள் ஆசைப்பட்ட 14,400இன் இரு மடங்கு! இரண்டையும் தனித்தனித் தலைப்பில், தனித்தனித் தொகையாகக் கேளுங்கள். ஒரே தொகையாகக் கலந்து கேட்டால், இழப்பீட்டுக்குள்ளேயே வித்தியாசமும் அடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடுவதற்கு நீங்களே வழி திறந்துவிட்டதாகும்.

அடுத்து, 80 சதவீதம் என்பது எதில் 80 சதவீதம்? வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதில் வருவது வருமான வரியும் ஓய்வூதியம், மருத்துவம் போன்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தங்களும் போன பிறகு கையில் வரும் தொகை. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, பிடித்தங்களுக்கு முந்தைய வரியைப் பாருங்கள். அங்கே 19,200 இருக்க வேண்டும். என் பழைய அலுவலகத்தில் சேர்ந்த நெல்லைக்காரப் பையன் ஒருவனுக்கு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 12,000, செயல்திறன் ஊதியம் 8,000 என்று பிரித்து எழுதியிருந்தார்கள். தகுதிகாண் காலத்தில் செயல்திறனை மதிப்பிட முடியாது என்று சொல்லி இரண்டாவதை அடியோடு நிறுத்திவிட்டு, அடிப்படையில் 80 சதவீதமாக 9,600 கொடுத்தார்கள். 20,000 சம்பளத்துக்கு அது பாதிகூட இல்லை! ஒப்பந்தச் சம்பளம் மொத்தம் 20,000 என்று அதே தாளின் இன்னொரு வரியில் இருந்ததைக் காட்டியதும் 16,000 கணக்கில் மீதியைக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இழுபறிதான். உங்கள் தாளிலும் 24,000 என்பது ஒரே எண்ணாக இருக்கிறதா, துண்டு துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலப் பிரதியும் சீனப் பிரதியும் முரண்பட்டால் எது செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலும் சீனப் பிரதிதான். எனவே அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பணி அனுமதிக்காக நிறுவனம் அரசுத் தளத்தில் ஏற்றிய ஒப்பந்தப் பிரதியும் கையில் இருக்கட்டும். அதில் ஒரு சம்பளமும் உங்களிடம் உள்ளதில் வேறொரு சம்பளமும் இருந்தால், அதுவே தனிப் பிரச்சினை.

இப்போது கேட்பது பற்றி. பணி உறுதி மூன்றாவது மாத முடிவில் "வழங்கப்பட்டது" என்று நீங்கள் நினைப்பதால்தான் தயங்குகிறீர்கள். சட்டக் கணக்கில் நீங்கள் இரண்டாவது மாதம் முடிந்த மறுநாளே உறுதியானவர். தகுதிகாண் காலத்தில் உள்ளவரைப் பணியின் நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை என்று காட்டி அனுப்பலாம். அந்தக் கதவு உங்களுக்கு இனி இல்லை. எனவே பயமில்லாமல், ஆனால் சண்டைக் குரலிலும் இல்லாமல், எச்.ஆருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒப்பந்தத் தேதிகள், 19ஆம் பிரிவு, மூன்றாவது மாதம் கிடைத்த தொகை, கிடைத்திருக்க வேண்டிய தொகை, அவ்வளவு போதும். முதலில் 4,800ஐ மட்டும் கேட்டு, இழப்பீட்டைப் பற்றி "சட்டப்படி உள்ள மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி சேர்ப்பது என் யோசனை. பல நிறுவனங்கள் வித்தியாசத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். அங்கேயே வேலை செய்யப்போகிறவருக்கு அது போதுமா, 24,000ஐயும் விடாமல் பிடிக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. பணி அனுமதிப் புதுப்பிப்பும் அதே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது என்பதை மறந்து நான் வீரம் பேச மாட்டேன்.

ஆனால் ஒத்திப்போடுவதற்கும் எல்லை உண்டு, அதுவும் இரண்டு தொகைக்கும் ஒரே எல்லை அல்ல. ஊதிய பாக்கியை வேலையில் இருக்கும் காலம் முழுவதும் கேட்கலாம், வேலையை விட்டால் அதிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். இழப்பீடு ஊதியம் அல்ல, எனவே அதற்கு அந்தச் சலுகையை நம்பாதீர்கள். மூன்றாவது மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு என்று வைத்துக்கொண்டு அதற்குள் நடவடிக்கை எடுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டால் காலக்கெடு அறுபட்டு, மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். வாய்ப்பேச்சில் கேட்டதை நிரூபிக்க முடியாது என்பதால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

மறுத்தால் மாவட்டத் தொழில் தகராறு நடுவர் குழுவிடம் போகலாம். கட்டணம் கிடையாது. மனுவை ஏற்ற நாளிலிருந்து 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சிக்கலான வழக்கென்றால் இன்னும் 15 நாள். மனு, விசாரணை எல்லாம் சீன மொழியில். எங்கே போக வேண்டும் என்று தெரியாவிட்டால் 12333 எண்ணில் கேளுங்கள், சீனம் பேசும் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உங்கள் நண்பர் யாராவது ஷாங்காயில் இருந்தால் இந்தக் கணக்கை அப்படியே அவருக்கு அனுப்பாதீர்கள். அங்கே வெளிநாட்டவர் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், விடுப்பு, பணிப் பாதுகாப்பு, சமூகக் காப்பீடு போன்றவை தவிர மற்றவற்றை இரு தரப்பும் எழுதிக்கொண்டபடியே ஏற்கும் போக்கு இருந்து வருகிறது. மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அங்கே வாதம் கடினம். நீங்கள் இருப்பது ஷென்ஜென். முறையான பணி அனுமதியோடு வேலை செய்கிறவரின் ஒப்பந்தத்தை இங்கே நான் பார்த்தவரை இதே சட்டத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும், பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். தேதிக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.