ஒரு வாரம் ஊருக்குப் போகிறேன், கடையை யார் பார்ப்பது?

அக்கா, லண்டன் புடவைக் கடை ஒன்றின் இணையத்தளத்தை மூன்று வருடமாகப் பராமரிக்கிறேன். நல்லூர்த் தேருக்கு ஒரு வாரம் போக வேண்டும். எப்படிச் சொல்வது? (தெஹிவளை)

முதலில் பதில் ஆளைப் பிடியுங்கள், பிறகு சொல்லுங்கள். "அப்போது யார் பார்ப்பார்கள்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். மூன்று வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். போன வருடம் நான் எழுதியது இவ்வளவுதான்: "10 முதல் 16 வரை வேலையில் இருக்க மாட்டேன். பணம் செலுத்த முடியாமல் போனாலோ தளம் திறக்காவிட்டாலோ என் நண்பர் பார்ப்பார். உங்கள் நேரம் காலை 9 முதல் 2 வரை இருப்பார். புதிய படங்கள், விலை மாற்றங்களை 5ஆம் திகதிக்குள் அனுப்புங்கள், பிந்தியவை 17இல்."

எது அவசரம் என்று நீங்கள் எழுதாவிட்டால், அவருக்கு எல்லாமே அவசரம். ஆகஸ்டில் லண்டன் காலை 9 என்றால் நமக்குப் பிற்பகல் 1.30. காலையில் வேறு வேலைக்குப் போகும் நண்பருக்கும் அது தோது.

என் கடவுச்சொல்லை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போவேன். இதுவரை பிரச்சினை வந்ததில்லை. (கொட்டாஞ்சேனை)

எனக்கு வந்தது. நண்பர் உள்ளே நுழைய முயன்றபோது சரிபார்ப்புக் குறியீடு என் தொலைபேசிக்கு வந்தது. தொலைபேசி வீட்டில், நான் கோயில் வீதியில். நாற்பது நிமிடம் கடை மூடிக் கிடந்தது. வாடிக்கையாளரின் ஒப்புதலோடு நண்பருக்குத் தனிக் கணக்கு திறவுங்கள். வூகொமர்ஸ் கடையானால் `Shop manager` நிலையில் ஓடர்களையும் பொருட்களையும் பார்க்கலாம், ஆனால் செருகுநிரல்களை நிறுவ முடியாது. தளமே விழுந்தால் அது உதவாது. வழங்கிக் கணக்கிலும் அவருக்குத் தனி நுழைவு வேண்டும். புறப்படுவதற்கு முந்திய வாரம் சின்ன வேலை ஒன்றை அவரைக் கொண்டே செய்வியுங்கள். எங்கே கதவு பூட்டியிருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். கடைசி மூன்று நாளும் எந்தப் புதுப்பிப்பும் செய்யாதீர்கள். திரும்பியதும் அவர் கணக்கை மூடுங்கள்.

சட்டப்படி வருடத்தில் 14 நாள் லீவு உண்டுதானே? எதற்கு இவ்வளவு பணிவு? (வெள்ளவத்தை)

அது கடை, காரியாலய ஊழியருக்கு. நீங்கள் யாருடைய ஊழியரும் அல்ல. உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இருப்பது ஒப்பந்தம். அதில் விடுமுறை பற்றி ஒரு வரி இல்லையென்றால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது சேருங்கள். பணிவு தேவையில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

நண்பருக்கு யார் பணம் கொடுப்பது? அவரே வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விட்டால்? (பம்பலப்பிட்டி)

மாதக் கட்டணம் முழுதாக வாங்குகிறேன் என்பதால் நானே கொடுக்கிறேன்: காத்திருப்பதற்கு ஒரு தொகை, வேலை வந்தால் மணிக்கணக்கு. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மின்னஞ்சல்களில் என்னையும் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவே. ஒருவர் அப்படிக் கொண்டுபோனதும் உண்டு. ஆறு மாதத்தில் அந்த வாடிக்கையாளர் திரும்பி வந்தார், நண்பர்தான் வரவில்லை.