வாட்ச் கொக்கியில் ஒளிந்திருக்கும் நிக்கல்

கேள்வி: தோல் வார் வாட்ச் கட்டுகிறேன். வெயில் காலத்தில் கொக்கி படும் இடம் மட்டும் சிவந்து அரிக்கிறது. ஸ்டீல் கொக்கி மாற்றினால் சரியாகுமா?

நல்ல ஸ்டீல் என்றால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சந்தேகமே வேண்டாம் என்றால் டைட்டானியம் வாங்குங்கள்.

எனக்கும் மணிக்கட்டின் உள்பக்கம் கொக்கியின் அளவிலேயே ஒரு தடிப்பு இருந்தது. சித்திரையில் நீர்க்கொப்புளமாகப் பொங்கும், மார்கழியில் அடங்கிவிடும். வாட்ச்சின் பின்மூடி நாள் முழுவதும் அழுந்தும் மேல்பக்கத்திலோ ஒன்றுமே இல்லை. சோப்பும் அழுக்கும் தங்கி வரும் எரிச்சலாக இருந்தால் வாருக்கு அடியில் சுற்றிலும் சிவந்திருக்கும். கழுவி உலரவிட்டால் சில நாளில் தணியும். நிக்கல் ஒவ்வாமை உலோகம் பட்ட இடத்தில், ஒன்றிரண்டு நாள் கழித்து எழும்பும். கழற்றிய பிறகும் வாரக்கணக்கில் நிற்கும்.

டைமெத்தில்கிளையாக்சைம் கலந்த நிக்கல் சோதனைத் திரவம் சிறு புட்டியில் விற்கிறார்கள். பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு விட்டுக் கொக்கியின் உள்பக்கத்தை அரை நிமிடம் தேய்த்தேன். பஞ்சு ரோஜா நிறமானது, அதாவது நிக்கல் கசிகிறது. பின்மூடியைத் தேய்த்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. என் மனைவி தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கையும் தேய்த்துப் பார்த்தேன், ரோஜா நிறம். அவர் கழுத்தடியில் அந்த ஊக்கு படும் இடத்தில்தான் இரண்டு வருடமாகக் கரும்படை இருந்தது.

இத்தனைக்கும் பின்மூடிகளுக்குப் பரவலாகப் பயன்படும் 316எல் ஸ்டீலில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிக்கல் உண்டு. ஆனால் அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகி நிக்கலை உள்ளேயே பூட்டிவிடுகிறது. மலிவான கொக்கிகள் பெரும்பாலும் பித்தளை. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மெல்லிய முலாம். முலாம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்புகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும், தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து எவ்வளவு நிக்கல் கசிகிறது என்று பார்க்கிறது: சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

வாட்ச்சை மாற்ற வேண்டியதில்லை. வாரின் கொக்கிப் பக்க அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவில் டைட்டானியம் கொக்கியை மட்டும் வாங்கிப் பொருத்தலாம். நான் அதைத்தான் செய்தேன். பழைய கொக்கியில் நகப்பூச்சு தடவினால் சில நாள் தாங்கும், வியர்வையில் உரிந்துவிடும்.

நகை என்றால், 22 காரட் மஞ்சள் தங்கத்தில் பொதுவாகச் செம்பும் வெள்ளியும்தான் சேர்க்கிறார்கள், தொல்லை அரிது. வெள்ளைத் தங்கத்தில் வெண்மைக்காக நிக்கல் சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். கவரிங் நகை புதிதாக இருக்கும்போது பஞ்சு வெள்ளையாகவே இருக்கலாம். முலாம் தேய்ந்த பிறகு மறுபடி தேய்த்துப் பாருங்கள்.

கொக்கியை மாற்றி ஒரு மாதம் ஆகியும் அரிப்பு நின்றபாடில்லை என்றால், வாரின் தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியமும் காரணமாக இருக்கலாம். தோல் மருத்துவர் முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துச் செய்யும் பேட்ச் டெஸ்டில் எது என்று தெரிந்துவிடும்.