கடவுச்சொல் சரிதான், விழுந்த எழுத்து வேறு

"வீட்டு வைஃபை மொபைலில் நன்றாக வேலை செய்கிறது. அதே பாஸ்வேர்டை லேப்டாப்பில் போட்டால் தவறு என்கிறது. ரவுட்டர் கெட்டுவிட்டதா?"

ரவுட்டரைப் பழிப்பதற்கு முன், கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி, உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அதைச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் எங்கள் வீட்டின் பெயரையும் எண்ணையும் கேட்டு, `Vaigai@Il05` என்று எதையோ வைத்து, அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் கிறுக்கிவிட்டுப் போனார். புது லேப்டாப்பில் பத்து முறை தட்டியும் பயனில்லை. கண் படத்தை அழுத்தியபோதுதான் `@` இருக்க வேண்டிய இடத்தில் `"` நிற்பதைக் கண்டேன். விண்டோஸை அமைக்கும்போது, பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே நம் வழக்கம் என்று `English (United Kingdom)` விசைப்பலகையைத் தேர்ந்திருந்தேன். அதில் `Shift`+`2` இரட்டை மேற்கோள் குறியைத்தான் தரும், விசையின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. `Windows` விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி அமெரிக்க அமைப்புக்கு மாறினேன். தமிழ்99 விழித்திருந்தாலும் இதே கதைதான். புள்ளிகளாகத் தெரிவதால் நமக்குப் புலப்படாது.

அப்போதும் ஏற்கவில்லை. கிறுக்கலில் இரண்டு கோடுகளும் ஒரு வட்டமும் இருந்தன. ஒவ்வொரு கோடும் `I`, `l`, `1` என மூன்றில் ஒன்றாகலாம், வட்டம் `0` அல்லது `O`. ஆக 18 வழிகள். நெருங்கிவிட்டோமா என்று ரவுட்டரிடம் கேட்கவும் முடியாது. WPA2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 முறை அரைத்துத்தான் சாவி உருவாகிறது. ஓர் எழுத்து, ஏன், பெரிய எழுத்துக்குச் சிறிய எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறு சாவி வந்துவிடும்.

"க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதாதா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: லேப்டாப்பில் அது அத்தனை சுலபமில்லை. ஆனால் மொபைலின் வைஃபை அமைப்பில் பகிர்வைத் திறந்தபோது, அந்தக் குறியீட்டின் கீழேயே கடவுச்சொல் எழுத்தாகவும் இருந்தது. மொபைலின் எழுத்துருவில் `I`, `l` இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததால், அதை நகலெடுத்து எனக்கே மின்னஞ்சல் செய்தேன். பிறகு மொபைலின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, நோட்பேடில் கன்சோலாஸ் எழுத்துருவில் ஒட்டிப் பார்த்தேன். அதில் சுழியத்தின் குறுக்கே கோடு விழும். எங்கள் வட்டத்தில் கோடு இல்லை. அந்த மனிதர் வீட்டு எண்ணின் சுழியத்துக்கு `O` என்ற எழுத்தைத் தட்டியிருந்தார். நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் கடவுச்சொல்லின் எழுத்தாகவே கணக்கிடும்.

அன்று மாலையே எல்லாம் சிறிய எழுத்தாக, `l`, `o` இல்லாத வேறொன்றை வைத்தேன். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் புதிதாகத் தட்ட வேண்டி வந்தது. டிவி ரிமோட்டில் மட்டும் கால் மணி நேரம்.